காந்தி சாலை மூடப்பட்டிருப்பது ஏன்? 14-ஆவது வார்டு மக்களுக்கு நகராட்சிப் பொறியாளரின் கடிதம்

அனுப்புநர்:
நகராட்சிப் பொறியாளர்,
பொறியியல் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பெறுநர்:
காந்தி சாலை, பள்ளிக்கூடத் தெரு, மேட்டுத் தெரு ஆகியவற்றில் குடியிருப்போர் மற்றும் கடை உரிமையாளர்கள்,
14-ஆவது வார்டு.

நாள்: 18.11.2025

பொருள்: காந்தி சாலையில் 13.11.2025 அன்று ஏற்பட்ட திடீர் பள்ளம் – சாலை மூடப்பட்டதன் காரணமும் சீரமைப்புப் பணியின் விவரமும் தெரிவித்தல் – தொடர்பாக.

அன்புடையீர்,

வணக்கம். காந்தி சாலையில் பள்ளிக்கூடத் தெரு சந்திப்பு முதல் கடைவீதி முனை வரையிலான 180 மீட்டர் நீளம், கடந்த வியாழக்கிழமை விடியற்காலை முதல் அனைத்துப் போக்குவரத்துக்கும் மூடப்பட்டுள்ளது. ஒரு கார் நிற்கும் அளவே உள்ள பள்ளத்துக்கு ஏன் இத்தனை நீளச் சாலையை அடைக்க வேண்டும், நான்கு லாரி மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடாதா என்று உங்களில் பலர் நேரிலும் வார்டு உறுப்பினர் வழியாகவும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. அதற்கு உரிய விளக்கத்தை எழுத்தில் அளிப்பது அலுவலகத்தின் கடமை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மேலிருந்து பார்க்கும்போது பள்ளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்டது. ஆனால் உள்ளே அது வாய் சிறுத்த பானையைப் போல விரிந்திருக்கிறது. சாலை மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் ஆழத்தில் அதன் அகலம் ஐந்து மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது, தடுப்புக்கு அருகில் நின்று எட்டிப் பார்ப்பவரின் காலடியில் இருப்பது தாரும் ஜல்லியும் சேர்ந்த ஒரு மெல்லிய ஓடு மட்டுமே. அதற்குக் கீழே மண் இல்லை. கைப்பேசியில் படம் எடுப்பதற்காக அந்த விளிம்பு வரை செல்பவர்களை ஊழியர்கள் கடுமையாகத் தடுப்பது இதனால்தான்.

இந்தப் பள்ளம் அன்று காலை உருவானதன்று. அன்று காலை வெளியே தெரிந்தது, அவ்வளவே. சாலைக்கு நடுவே, சுமார் நான்கு மீட்டர் ஆழத்தில், 1988-இல் பதிக்கப்பட்ட 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் பாதாளச் சாக்கடைக் குழாய் செல்கிறது. மேட்டுத் தெருவிலுள்ள கழிவுநீர் உந்து நிலையத்திலிருந்து அழுத்தத்தில் வரும் கழிவுநீர், இந்தக் குழாயின் தலைப்பிலுள்ள ஆள்நுழைவுக் குழியில் வந்து விழுகிறது. அப்படி விழுந்து கலங்கும் இடத்தில்தான், கழிவுநீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிக அளவில் வெளியேறுகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் என்று நீங்கள் புகார் செய்வது இந்த வாயுவைத்தான். அது குழாயின் ஈரமான மேற்பகுதியில் படிய, அங்கு வாழும் ஒருவகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகிறது. அமிலம் கான்கிரீட்டை உள்ளிருந்து அரிக்கிறது. குழாயின் அடிப்பகுதியில் எந்நேரமும் நீர் ஓடுவதால் அங்கு இந்த அரிப்பு பெரிதாக நிகழ்வதில்லை. கெடுவது எப்போதும் மேல்வளைவுதான். 15-ஆம் தேதி குழாய்க்குள் கேமரா பொருத்திய வண்டியை அனுப்பிப் பார்த்தபோது, ஏழாவது, எட்டாவது ஆள்நுழைவுக் குழிகளுக்கு இடையே மேல்வளைவில் கான்கிரீட் உதிர்ந்து, கம்பி வெளியே தெரிவதும், ஓர் இணைப்பில் கையகலத்துக்கு உடைப்பு இருப்பதும் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

மண் போன வழி அந்த உடைப்புதான். நம் ஊர் ஆற்றுப் படுகையை ஒட்டியது. இங்கு மேலே ஒன்றரை மீட்டர் களிமண்ணும், அதற்குக் கீழே நைஸ் மணலும் உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் குழாயின் மட்டத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. ஏறிய நீர் உடைப்பின் வழியே குழாய்க்குள் வடியும்போது மணலையும் உடன் இழுத்துச் செல்கிறது. குழாய்க்குள் வந்த மணலைக் கழிவுநீர் அடித்துச் சென்றுவிடுவதால், அடுத்த மணலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இப்படிக் குழாய்க்கு மேலே உண்டாகும் வெற்றிடம், கூரை சிறிது சிறிதாக உதிர, மெல்ல மேல்நோக்கி நகர்கிறது. களிமண் அடுக்கையும் அது கடந்த பிறகு தார்ச்சாலையைத் தாங்க எதுவும் இருப்பதில்லை. உந்து நிலையத்தின் சேகரிப்புத் தொட்டியில் கடந்த மழைக்காலத்திலேயே வழக்கத்தைவிட அதிக மணல் சேர்ந்ததை, அங்குள்ள பதிவேட்டோடு இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துள்ளேன். இக்குழாய் உந்து நிலையத்தைத் தாண்டிய பிறகே தொடங்குவதால், அந்த மணல் இதன் வழியே வந்திருக்க முடியாது. எனவே உந்து நிலையத்துக்குக் கழிவுநீரைக் கொண்டுவரும் குழாய்களையும் சோதிக்க வேண்டியுள்ளது.

எதிரே கட்டப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத் தோண்டல்தான் காரணம் என்றும், ஆழ்துளைக் கிணறுகள்தான் காரணம் என்றும் பேச்சு உலவுகிறது. மேலே சொன்ன உடைப்புக்கு நேர் மேலேயே வெற்றிடம் அமைந்திருக்கும் நிலையில், அவற்றைக் காரணமாகக் கொள்ள ஆதாரம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

இனி, 180 மீட்டர் ஏன் என்பதற்கு வருகிறேன். தரை ஊடுருவு ரேடார் கருவியைக் கொண்டு சாலை முழுவதையும் ஆய்ந்தபோது, பள்ளத்திலிருந்து பதினோரு மீட்டர் தள்ளி, மருந்துக்கடைக்கு எதிரே, இன்னொரு வெற்றிடத்தின் அடையாளம் கிடைத்தது. ஈரக் களிமண் ரேடார் அலைகளை விழுங்கிவிடும் என்பதால் அக்கருவியை மட்டும் நம்ப முடியாது. எனவே ஐந்து மீட்டர் இடைவெளியில் இரும்புக் கம்பிகளை இறக்கிச் சோதித்தோம். மருந்துக்கடைக்கு எதிரே இரண்டு மீட்டர் ஆழத்தில் கம்பி எதிர்ப்பின்றித் தானாக இறங்கியது. மேலே சாலை வழுவழுப்பாக, ஒரு விரிசலும் இல்லாமல் இருக்கிறது. அதை நம்பித்தான் சிலர் இரவு நேரத்தில் தடுப்பை நகர்த்திவிட்டு இருசக்கர வாகனத்தில் செல்கிறார்கள் என்று அறிகிறேன். அவ்வாறு செல்வது உயிரோடு விளையாடுவதாகும். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஜப்பானில் பெரிய பள்ளத்தை ஒரே வாரத்தில் மூடிய காணொளி உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, எனக்கும் பலமுறை வந்துள்ளது. அது 2016 நவம்பரில் ஃபுக்குவோகா நகரில் நிகழ்ந்தது. சுமார் 30 மீட்டர் அகலமும் 15 மீட்டர் ஆழமும் கொண்ட அந்தப் பள்ளத்தைச் சிமெண்ட் கலந்த மண்குழம்பால் நிரப்பி ஒரு வாரத்தில் சாலையைத் திறந்தது உண்மை, பாராட்டத்தக்கதும்கூட. ஆனால் அங்கு காரணம் கீழே நடந்த சுரங்க ரயில் தோண்டல். மண்ணைத் தொடர்ந்து தின்னும் பழைய சாக்கடைக் குழாய் அன்று. சாலை திறந்த சில நாட்களில் அதே இடம் சில சென்டிமீட்டர் மீண்டும் தாழ்ந்ததும் உண்டு. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, அதே நாட்டில் 2025 ஜனவரியில் சைத்தாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் நேர்ந்ததுதான். அங்கு அரித்துப்போன கழிவுநீர்க் குழாய்க்கு மேலே சாலை உள்வாங்கி, ஒரு லாரி ஓட்டுநரோடு விழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் பள்ளம் பலமடங்கு விரிந்தது. கழிவுநீர் வரத்தைக் குறைப்பதற்காகச் சுமார் 12 லட்சம் மக்களைக் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளுமாறு கேட்க வேண்டியதாயிற்று. உடைந்த குழாயை அப்படியே விட்டு மேலே மண்ணைக் கொட்டினால், கொட்டிய மண்ணும் அதே உடைப்பின் வழியே போகும். சில மாதங்களில் சாலை மீண்டும் வாய் பிளக்கும்; அப்போது அதன் மேல் பள்ளி வேன் நிற்காது என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே ஏழாவது ஆள்நுழைவுக் குழி முதல் ஒன்பதாவது குழி வரை, 64 மீட்டர் நீளத்துக்குக் குழாயையே மாற்றுகிறோம். இதற்கு முதல் தேவை கழிவுநீரை வேறு வழியில் திருப்புவது; 14-ஆம் தேதி முதல் டீசல் பம்புகள் இரவுபகலாக ஓடுவது அதற்காகவே. அவற்றின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது தெரியும். ஒலித்தடுப்புக் கூண்டு பொருத்திய பம்புகள் இந்த வாரத்துக்குள் வந்துவிடும். ஆனால் இரவில் நிறுத்தினால் கழிவுநீர் உங்கள் வீட்டுக் கழிப்பறை வழியாகவே எதிர்த்து வரும் என்பதால் முற்றிலும் நிறுத்த இயலாது. அடுத்ததாக, பள்ளத்தின் இருபுறமும் இரும்புத் தகடுகளை இறக்கி மண்ணைத் தாங்கச் செய்த பின்னரே தோண்ட முடியும். நிலத்தடி நீரை மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்துவிடலாமே என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். அவ்வாறு வேகமாக இறைத்தால் நீரோடு மணலும் வந்து, இருபுறமுள்ள வீடுகளின் அடித்தளம் இறங்கிவிடும். எனவே சுற்றிலும் சிறு குழாய்களை இறக்கி, நீர்மட்டத்தை நாளுக்குச் சிறிதாகத்தான் தாழ்த்துகிறோம். மனிதக் கழிவகற்றும் பணியில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ள நிலையில், அவசரம் என்ற பெயரில் எவரையும் குழாய்க்குள் இறக்க மாட்டோம். அடைப்பு நீக்கம் முழுவதும் இயந்திரத்தாலேயே நடைபெறும். அதனால் ஓரிரு நாட்கள் கூடினால் கூடட்டும்.

புதிய குழாய் அமிலத்தால் அரிக்கப்படாத எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கால் ஆனது. அதைப் பதித்த பிறகு மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல், ஓர் அடிக்கும் குறைவான அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கின் இறுக்கத்தையும் சோதித்த பின்னரே அடுத்த அடுக்கு இடப்படும். மழை பெரிய இடையூறு செய்யாவிடில், நடந்து செல்வோருக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் டிசம்பர் 12-ஆம் தேதியும், மற்ற வாகனங்களுக்கு டிசம்பர் 20-ஆம் தேதியும் சாலையைத் திறக்க முடியும் என்பது என் கணிப்பு. கனமழை பெய்யும் நாட்களில் தோண்டுதல் நிறுத்தப்படும்; அத்தனை நாட்கள் இக்கணிப்போடு சேரும்.

அதுவரை பேருந்துகள் புறவழிச்சாலை வழியாகச் செல்லும். பள்ளிக்கூடத் தெருவில் நான்கு சக்கர வாகனங்களை நிறுத்த வேண்டாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கு இப்போது அது ஒன்றே வழி. கடைகளுக்குச் செல்ல வலப்புற நடைபாதையை ஒட்டிக் கம்பித் தடுப்புடன் பாதை விடப்பட்டுள்ளது. அந்தப் பக்கம் மண் உறுதியாக இருப்பதைச் சோதித்த பின்னரே அது திறக்கப்பட்டது.

குடிநீர்க் குழாய் சாக்கடைக் குழாய்க்கு மிக அருகில் செல்வதால் முன்னெச்சரிக்கையாக அடைக்கப்பட்டு, காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் லாரியில் நீர் வழங்கப்படுகிறது. குழாயில் மீண்டும் நீர் விடும்போது, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருப்பதை உறுதிசெய்து அறிவிப்போம். அறிவிப்பு வரும் வரை குழாயில் கசியும் நீரைப் பிடித்துக் குடிக்க வேண்டாம்.

பள்ளத்தை அடுத்துள்ள ஆறு வீடுகளின் சுவர் விரிசல்கள் மீது சிறு கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருக்கிறோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் அதன் வேலை. குழந்தைகள் அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானாக உடைந்திருந்தால் அந்த நிமிடமே தெரிவியுங்கள். மேலும், மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்திருக்கும் வீடுகள் அந்த இணைப்பைத் துண்டித்து மழைநீர் வடிகாலில் விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நல்ல மழைக்கு நம் பம்புகள் திணறுவது வீடுகளின் கழிவுநீரால் அன்று, இந்த மழைநீரால்தான்.

உங்கள் தெருவில் சாலை வட்டமாகத் தாழ்ந்திருந்தாலோ, மழைநீர் தேங்காமல் ஓரிடத்தில் சுழன்று உள்ளே போனாலோ, அதை உடனே சொல்லுங்கள். பள்ளிக்கூடத் தெரு முனையில் போடப்பட்டுள்ள கூடாரத்தில் உதவிப் பொறியாளர் ஒருவர் இரவிலும் பணியில் இருப்பார். வரும் சனிக்கிழமை, 22.11.2025 அன்று காலை 10 மணிக்கு, அதே இடத்தில் கேமரா பதிவைத் திரையில் காட்டி உங்கள் கேள்விகளுக்கு நானே பதிலளிக்க இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

நகராட்சிப் பொறியாளர்

நகல்: நகராட்சி ஆணையர், 14-ஆவது வார்டு உறுப்பினர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர், தீயணைப்பு நிலைய அலுவலர்.