சேர்வராயன் மலை ஊற்றுப் பாதுகாப்புத் திட்டம்: முதலாண்டு முன்னேற்ற அறிக்கை (2024 ஜூலை – 2025 ஜூன்)

ஏற்காடு
2025 ஜூலை 14

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறக்கட்டளை வழங்கிய 18,00,000 ரூபாய் நிதியில் ஏற்காடு வட்டத்தின் மலைக் கிராமங்களில் நடந்த முதலாண்டுப் பணிகளைப் பற்றிய அறிக்கை இது. ஏழு ஊற்றுகளைச் சீரமைப்போம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். ஐந்து முடிந்தன. ஒன்றைக் கைவிட்டோம். ஒன்றை இன்னும் தொடங்கவே இல்லை.

தங்கள் புதிய அறங்காவலர்களுக்காக ஒரு விளக்கம். இந்தக் கிராமங்களில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுப் பலரும் கேரளத்தை நினைத்துக்கொள்கிறார்கள்; இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். சிறு அளவில் காப்பி, மிளகு, சிறுதானியம் விளைவிக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் பெரிய தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்கள். குடிநீருக்குப் பல ஊர்களில் இன்றும் ஊற்றுதான். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. மழைநீர் மேலே மக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கி, சரிவில் வழி கிடைக்கும் இடத்தில் ஊற்றாகக் கசிகிறது. சரிவில் அகழி வெட்டி நீர் இறங்குவதற்கு வழி செய்தால் ஊற்று கோடையிலும் தாங்கும் என்பதே எங்கள் திட்டத்தின் அடிப்படை.

நீர்வரத்து: ஒரு வேண்டுகோள்

பத்து லிட்டர் வாளியையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊற்றிலும் வாளி நிரம்பும் நேரத்தைக் கிராமத்து இளைஞர்களே அளந்தார்கள். 2024 ஏப்ரலில் ஐந்து ஊற்றுகளிலும் சேர்த்து நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தது. 2025 ஏப்ரலில் 17 லிட்டர். எழுபது சதவீத உயர்வு. விண்ணப்பத்தில் நாங்கள் சொன்ன இலக்கு ஐம்பது சதவீதம்.

இந்த எழுபது சதவீதத்தைத் தங்கள் ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண் எங்கள் வேலையின் பலனை மட்டும் காட்டவில்லை. 2024 ஏப்ரல், தமிழகமே வெப்ப அலையில் தகித்த மாதம். நாங்கள் முதல் அளவை எடுத்தது அப்போதுதான். அதன்பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் இந்த மலையில் கொட்டித் தீர்த்தது. அந்த மழைக்குப் பின் வந்த கோடையில் எந்த ஊற்றும் முந்தைய கோடையைவிட நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. திட்டத்தில் இல்லாத இரண்டு ஊற்றுகளையும் எங்கள் இளைஞர்கள் ஆர்வத்தில் அளந்து குறித்து வைத்திருந்தார்கள். நாங்கள் ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாத அந்த இரண்டிலும் சேர்த்து நிமிடத்துக்கு 4 லிட்டராக இருந்தது 6 லிட்டராகியிருக்கிறது. அதாவது ஐம்பது சதவீத உயர்வு மழையாலேயே வந்திருக்கிறது. மீதி எங்கள் அகழிகளால் வந்திருக்கலாம். இரண்டே ஊற்றுகளை வைத்து அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மழை குறைந்த ஓர் ஆண்டில் இந்த ஊற்றுகள் எப்படித் தாங்குகின்றன என்று பார்த்த பிறகே நீர்வரத்தைப் பற்றி நாங்கள் உரிமை கொண்டாட முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது

பெண்களின் நேரம் மிஞ்சியிருக்கிறது. இதில் எங்களுக்கு ஐயமில்லை.

முன்பு ஊற்று இரவெல்லாம் ஓடி வீணாகும். விடியற்காலை நான்கு மணிக்குக் குடங்களை வரிசை வைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாக நிரம்பும் வரை பெண்கள் குளிரில் காத்திருப்பார்கள். இப்போது ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல் கட்டி மூடி, குழாய் வழியாகக் கீழே 5,000 லிட்டர் தொட்டிக்கு நீரைக் கொண்டுவந்திருக்கிறோம். நிமிடத்துக்கு 4 லிட்டர் தரும் ஊற்றில் இரவு எட்டு மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை மட்டும் 1,920 லிட்டர் சேர்கிறது. மூன்று ஊர்களில் 42 குடும்பங்களின் பெண்கள் தங்கள் நேரத்தைக் குறித்துத் தந்தார்கள். தண்ணீருக்காக ஒரு நாளில் சராசரியாக 2 மணி 10 நிமிடம் செலவழித்த இடத்தில் இப்போது 50 நிமிடம்.

இதுவும் மழையால் வந்ததுதானோ என்று நாங்களே கேட்டுக்கொண்டோம். மே மாதத்தில் ஒரு தொட்டியில் கீறல் விழுந்து, பழுதுபார்க்க ஆறு நாள் மூட வேண்டியிருந்தது. ஊற்றில் நீர் குறையவில்லை; தொட்டி மட்டும் இல்லை. இரண்டாம் நாளே குட வரிசை திரும்ப வந்துவிட்டது. அந்த ஊரின் 14 குடும்பங்களில் சராசரி நேரம் 1 மணி 40 நிமிடமாக ஏறியது. தொட்டி திறந்ததும் இறங்கியது. ஆகவே இந்தப் பலனைத் தொட்டியின் கணக்கிலேயே பெரும்பாலும் எழுதலாம்.

ஆனாலும் போதிய தண்ணீர் கிடைத்துவிட்டதாகப் பொருள்கொள்ள வேண்டாம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நீர்வரத்தில் முன்னிற்கும் ஊற்றை நம்பி 160 பேர் இருக்கிறார்கள். கோடையில் ஒருவருக்கு 36 லிட்டர்தான் தேறுகிறது. சென்ற கோடையில் அது 18 லிட்டராக இருந்தது.

நீரின் தூய்மையைப் பொறுத்தவரை, நீர் கருத்தால் மாசு என்று காட்டும் எளிய குப்பிச் சோதனையைச் செய்துவந்தோம். வேலைக்கு முன் ஐந்து ஊற்றுகளும் கருத்தன. இப்போது மூன்றில் கருப்பதில்லை. மாடு நுழையாமல் வேலி போட்டதே முக்கியக் காரணம். நான்காவதில் விளிம்புக் கல் சரியாகப் பூசப்படவில்லை; அதைத் திருத்திவிட்டு ஆகஸ்டில் மறுபடி சோதிப்போம். ஐந்தாவது கடினம். ஊற்றுக்கு மேலே சரிவில் இரண்டு குழிக் கழிவறைகள் இருக்கின்றன. கழிவறை கட்டுங்கள் என்று அந்தக் குடும்பங்களை ஊக்குவித்தவர்களில் நாங்களும் உண்டு. இடம் மாற்றும் செலவை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதுவரை குளோரின் இட்டு, காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வருகிறோம்.

எங்கள் தவறுகள்

கைவிட்ட ஊற்றைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். அதற்குத் தங்கள் பணத்தில் 1,46,000 ரூபாய் போயிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து ஊற்றின் நேர் மேல்சரிவில் 180 மீட்டர் அகழி வெட்டினோம். வேலை தொடங்கிய அன்றே அந்த ஊர்ப் பாட்டி ஒருவர், “தண்ணி அந்தப் பக்கத்திலிருந்து வருது சாமி” என்று முகட்டுக்கு அப்பால் கையைக் காட்டினார். கேட்டுக்கொண்டோமே தவிர, நின்று பார்க்கவில்லை. பருவமழையில் அகழி நிரம்பியது, ஊற்றில் மாற்றமில்லை. பிறகு பாறையின் சாய்வை அளந்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. நீர் இறங்கும் இடம் முகட்டுக்கு மறுபுறம் ஒரு தனியார் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. உரிமையாளர் அங்கே வெட்ட ஒப்பவில்லை, அது அவர் உரிமை. இப்போது எந்த ஊற்றிலும் கடப்பாரை இறங்குமுன் ஊரின் மூத்தவர்களோடு இரண்டு நாள் சரிவில் நடப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

புயல் மழையில் வேறோர் ஊரில் அகழிக் கரை உடைந்து, கீழே ஒரு குடும்பத்தின் மிளகுக் கொடிகளையும் இளம் காப்பிச் செடிகளையும் மண் மூடியது. வடிகால் திறப்பை நாங்கள் சிறிதாக விட்டதே காரணம். 18,000 ரூபாய் ஈடு கொடுத்தோம். அது எங்கள் பொது நிதியிலிருந்து. தங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மிளகுக் கொடி மறுபடி காய்க்க மூன்று ஆண்டாவது ஆகும் என்பதால், அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறோம் என்றே கருதுகிறோம்.

ஏழாவது ஊற்று காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. அனுமதி இன்னும் வரவில்லை. ஜூலையில் கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பத்தை நவம்பரில்தான் கொடுத்தோம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழ அறுவடை. அந்த மாதங்களில் அகழி வேலைக்கு ஆள் கிடைக்காது. வரச் சொல்வதும் தவறு, அவர்களுக்கு ஆண்டின் முக்கிய வருமானம் அதுதான். எங்கள் கால அட்டவணையில் இது இல்லாமல் போனது வெட்கத்துக்குரியது.

குழுக்கள்

ஐந்து ஊர்களிலும் ஒன்பது பேர் கொண்ட தண்ணீர்க் குழு அமைத்தோம். ஒவ்வொன்றிலும் ஐவர் பெண்கள். தொடக்கத்தில் கூட்டங்கள் ஊர்ச்சாவடியில் நடந்தன. ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் பேசுவார்கள். பெண்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் களப்பணியாளர் கூட்டத்தை ஊற்றடிக்கு, துவைக்கும் கல்லருகே மாற்றினார். குழாயை எந்த நேரம் திறப்பது, வீட்டுக்கு எத்தனை குடம், விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று எல்லா விதிகளையும் அங்கே பெண்களே வகுத்தார்கள். பிரசவித்த வீட்டுக்கு மூன்று மாதம் இரண்டு குடம் கூடுதல் என்ற விதி எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

நான்கு குழுக்கள் மாதம் 30 ரூபாய் சந்தாவை ஒழுங்காக வசூலிக்கின்றன. ஐந்தாவது பிப்ரவரி முதல் கூடவில்லை. குழாயை மேல்தெருவுக்கு நீட்டுவதில் இரு தெருக்களுக்கும் பூசல். ஊர்க்கவுண்டர் பேசிக்கொண்டிருக்கிறார். நாங்கள் குறுக்கே போகவில்லை.

வரவு செலவு

செலவு 16,42,000 ரூபாய். கட்டுமானப் பொருள்களும் குழாய்களும் 7,10,000; உள்ளூர்க் கூலி 4,05,000; இரு களப்பணியாளர் ஊதியம் 2,52,000; போக்குவரத்து 2,05,000; நீர்ச் சோதனையும் பயிற்சியும் 70,000. போக்குவரத்துக்கு 1,20,000 மட்டுமே ஒதுக்கியிருந்தோம். புயலின்போது மலைப்பாதையில் மண் சரிந்ததால், சேலத்திலிருந்து சிமெண்டும் மணலும் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தன. பாதையில்லாத இரண்டு ஊர்களுக்குத் தலைச்சுமையாகப் போயின. கூடுதல் செலவுக்குத் தங்களிடம் முன்கூட்டி அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்கு வருந்துகிறோம்.

இரண்டாம் ஆண்டுக்குக் கேட்பவை

மீதமுள்ள 1,58,000 ரூபாயை ஏழாவது ஊற்றுக்கும், இரு கழிவறைகளை இடம் மாற்றுவதற்கும் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். டிசம்பருக்குள் காப்புக்காட்டு அனுமதி வராவிட்டால் ஊற்றுக்கான தொகையைத் திருப்பிவிடுவோம்.

‘நீர்வரத்து 50 சதவீத உயர்வு’ என்ற இலக்கை நீக்கி, கோடையில் ஒரு குடும்பம் தண்ணீருக்குச் செலவழிக்கும் நேரத்தை அளவுகோலாகக் கொள்ளவும் வேண்டுகிறோம். நீர்வரத்தை ஏழு ஊற்றுகளிலும் மாதந்தோறும், ஏற்காட்டு மழையளவோடு சேர்த்து, தொடர்ந்து அளந்து அனுப்புவோம்.

அறங்காவலர்கள் நேரில் வருவதாக இருந்தால் ஏப்ரலில் வாருங்கள். செப்டம்பரில் மலை பசுமையாக இருக்கும், எல்லா ஊற்றும் ஓடும். எங்கள் வேலையைச் சோதிக்க அது ஏற்ற மாதமில்லை. முந்தைய நாளே வந்து தங்கினால், விடியற்காலை நான்கு மணிக்கு ஊற்றடிக்கு உங்களை அழைத்துச் செல்வோம்.

இப்படிக்கு,
திட்ட ஒருங்கிணைப்பாளர்
ஏற்காடு கள அலுவலகம்