யார் போட்ட கையெழுத்து

விண்கப்பல் ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கில் போகிறது. போகும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். போய்ச் சேர ஏறக்குறைய 85 ஆண்டு. இது 52-ஆவது ஆண்டு. டர்பனிலிருந்து ஏறியவர்களில் ஆயா மட்டும்தான் மிச்சம்.

பதினெட்டு முடிந்ததும் காமாட்சியைப் பாசித் தொட்டி வேலைக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் மூச்சுக் காற்று அங்கிருந்துதான். அது தெரிந்தும், பதிவேட்டில் கையெழுத்திடாமல் ஆயாவிடம் வந்தாள்.

"1860-ல ட்ரூரோ கப்பல்ல மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு வந்தவங்க கதையைச் சொல்லித்தானே வளர்த்தீங்க? கரும்புத் தோட்டத்துல அவங்க பட்ட பாடு கொஞ்சமா? அவங்க ஒப்பந்தத்துக்கே ஒரு கெடு இருந்துச்சு. பத்து வருஷம் இருந்தா ஊர் திரும்ப இலவசக் கப்பல். எனக்கு என்ன கெடு, ஆயா?"

"திரும்புறதுக்கு எரிபொருள் இல்ல கண்ணு."

"புறப்படும்போதே இல்ல. அம்மாவைக் கேட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா?"

ஆயா வெகுநேரம் பேசவில்லை. "கேக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் ஏறினோம். அது அநியாயம்தான்."

மறுநாள் சபையில் காமாட்சி ஒன்றுதான் கேட்டாள்: அங்கே இறங்குவதா, வேண்டாமா என்பதை அன்று உயிரோடிருப்பவர்களே முடிவு செய்யட்டும், பயணச் சட்டத்தில் அப்படி எழுதுங்கள்.

முதலில் கை தூக்கியது ஆயா. எதிர்த்தவர்களில் காமாட்சியின் அம்மாவும் இருந்தாள்.