கட்டாதே, கீறாதே, காத்திருக்காதே: பாம்புக்கடிக்கான முப்பது விநாடி வானொலி விளம்பரம்

வகுப்பு ஒப்படைப்பு: வானொலி விளம்பர எழுத்து
வகை: பொதுநல விளம்பரம்
நேரம்: 30 விநாடி
கேட்பவர்கள்: பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் பேசும் தோட்டத்துக் குடும்பங்கள்
ஒலிபரப்ப ஏற்ற நேரம்: மாலை 6 முதல் 8 வரை, ராத்திரி தண்ணீர் கட்டக் கிளம்பும் முன்
குரல்கள்: அப்பாரு (70 வயது), பேத்தி (19), பக்கத்துத் தோட்டத்து மாமா (50), அறிவிப்பாளர் (பெண்)

விளம்பரம்

0–4 விநாடி
ஒலி: இரவுப் பூச்சிகளின் சத்தம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. காய்ந்த தென்னை மட்டை மேல் காலடி. சட்டென்று காலடி நிற்கிறது.

4–7 விநாடி
அப்பாரு (கத்தாமல், மெதுவாக): கண்ணு... பாம்பு கடிச்சிருச்சு.

7–9 விநாடி
மாமா (ஓடி வந்தபடி): கயிறு எடு! இறுக்கிக் கட்டு!

9–14 விநாடி
பேத்தி: கட்ட வேண்டாங்க மாமா! கால் போயிரும். அப்பாரு, அசையாம உட்காருங்க.

14–16 விநாடி
ஒலி: போனில் மூன்று எண் அழுத்தும் சத்தம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

16–20 விநாடி
பேத்தி (நிதானமாக): நூத்தியெட்டுங்களா? பாம்புக்கடி. கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்.

20–27 விநாடி
பூச்சிச் சத்தம் அடங்குகிறது.
அறிவிப்பாளர்: பாம்பு கடித்தால் கட்டாதே, கீறாதே, காத்திருக்காதே. உடனே கூப்பிடு, நூற்றியெட்டு.

27–30 விநாடி
அறிவிப்பாளர்: ஒன்று, பூஜ்யம், எட்டு.
ஒலி: மீண்டும் அதே மூன்று எண் சத்தம். முடிவு.

எழுதியதைப் பற்றி

வகுப்பில் பெரும்பாலோர் கடை விளம்பரமோ சோப்பு விளம்பரமோ எழுதுகிறார்கள். நான் இதை எடுத்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் அப்பாரு ராத்திரி தோப்பில் தண்ணீர் திருப்பப் போனவர், மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கண்ணாடி விரியனிடம் கடி வாங்கினார். ஓடி வந்தவர்கள் எல்லோரும் அவர் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். ஒருவர் தேங்காய் நார்க்கயிறை எடுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு சுற்று சுற்றி இறுக்கினார். இன்னொருவர் பச்சிலை கொடுப்பவரைக் கூட்டி வர பைக்கை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அங்கே விஷமுறிவு மருந்து ஏற்றி உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. கயிறு இறுக்கிய இடத்தில் இன்றைக்கும் நார் பதிந்த மாதிரி ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டினால் தெரியும்.

அன்றைக்கு அங்கே இருந்த ஒருவருக்காவது இந்த முப்பது விநாடியில் உள்ள விஷயம் தெரிந்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத் தோட்டங்களில் ரேடியோ இன்னும் ஓடுகிறது. மாட்டுக் கொட்டகையில், மோட்டார் ரூமில், டீக்கடையில் கோவை வானொலி கேட்கிறார்கள். கைவேலையாக இருப்பவரிடம் நோட்டீஸ் கொடுத்தால் எப்படிப் படிப்பார்? காதுக்குப் போவதுதான் வழி.

இது பெரிய விஷயம்தான் என்பதற்கு எண்ணும் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான கணக்கைப் பார்த்த ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் ஒரு தேசியத் திட்டமும் வெளியிட்டது. இதில் எதையும் விளம்பரத்துக்குள் கொண்டு வரவில்லை. 58,000 என்று வாயால் சொல்லவே இரண்டு விநாடி போய்விடும். கேட்பவருக்கும் அது யாரோ எங்கோ செத்த கணக்காகத்தான் படும். ஒரு காலடி சட்டென்று நின்றால் அவருக்குத் தன் தோப்பு ஞாபகம் வரும்.

முழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நேரம் அதற்குத்தான் ஆனது. நான்கு வார்த்தையும் ககர வரிசையில் தொடங்குகின்றன: கட்டாதே, கீறாதே, காத்திருக்காதே, கூப்பிடு. மோனை இருந்தால் ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். மூன்று 'செய்யாதே'க்குப் பிறகு ஒரே ஒரு 'செய்' வருவதால் அந்தக் கடைசி வார்த்தை தனியாக நிற்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது. 'கட்டாதே, கூப்பிடு என்று யாரைப் பார்த்துச் சொல்கிறாய், மரியாதை வேண்டாமா' என்று அம்மா கேட்டார். கொங்குத் தமிழ் பேசுகிற எங்களுக்கு 'ங்க' இல்லாமல் வாய் வராது. சரி என்று 'கட்டாதீங்க, கீறாதீங்க, காத்திருக்காதீங்க, கூப்பிடுங்க' என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். இரண்டு விநாடி கூடியது. அதைவிட, தாளம் உடைந்தது. அதனால் மரியாதையைப் பேத்தியின் வாயில் வைத்தேன்: 'வேண்டாங்க மாமா', 'உட்காருங்க', 'நூத்தியெட்டுங்களா'. முழக்கத்தைப் பழமொழி மாதிரி விட்டேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்லும்போது யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்று தடைகளில் 'காத்திருக்காதே'தான் எனக்கு முக்கியம். கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும், கீறினால் ரத்தம் நிற்காமல் போகும். இவை இரண்டையும் பலர் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். ஆனால் கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. 'ஒன்றும் ஆகவில்லையே, காலையில் பார்க்கலாம்' என்று திரும்பப் படுத்துவிடுவார்கள். பிறகு வயிற்று வலி வரும், கண் இமை தூக்க முடியாமல் சரியும், மூச்சு முட்டும். வீக்கமும் வலியும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருப்பதே ஆபத்து என்பதை ஒரே வார்த்தையில் சொல்ல வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பாம்பின் பெயரை விளம்பரத்தில் சொல்லவில்லை. எல்லைப் பக்கத்தில் பெயரே இரண்டு மூன்று. நாங்கள் கட்டுவிரியன் என்பதைப் பக்கத்து வீட்டு மலையாளிகள் வெள்ளிக்கெட்டன் என்பார்கள், கண்ணாடி விரியனை அணலி என்பார்கள். பெயர் சொன்னால் 'இது அந்தப் பாம்பு இல்லையே' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள், டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடவும் போவார்கள். அது தேவையே இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான் ஏற்றுகிறார்கள்.

'ஸ்ஸ்ஸ்' என்ற சீறலையும் இதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன். முதல் பிரதியில் இருந்தது, கேட்கப் பயங்கரமாகவும் இருந்தது. கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறும், உண்மைதான். கட்டுவிரியன் சத்தமில்லாமல் கடித்துவிட்டுப் போகும். சீறல் கேட்டால்தான் பாம்பு என்று ஒரு விளம்பரம் பழக்கிவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் சைரனும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரேடியோ கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுபவர் நிஜ ஆம்புலன்ஸ் வருகிறதென்று ஓரம் கட்டுவார்.

அழைப்பு ஒன்றே ஒன்றுதான், 108. கேரள வனத்துறைக்கு SARPA என்று ஒரு செயலி இருக்கிறது, வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிடிக்கப் பயிற்சி பெற்றவரை அதில் கூப்பிடலாம். நல்ல விஷயம். ஆனால் அது கடிக்கு முன்பு உள்ள வேலை. இரண்டு வேலை சொன்னால் இரண்டுமே மனதில் நிற்காது என்பதால் அதை இன்னொரு விளம்பரத்துக்கு வைத்திருக்கிறேன்.

108இல் எங்களுக்கு ஒரு வசதி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தோட்டங்களில் போன் சில சமயம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துவிடும். எடுப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் அவருக்கு விளங்காமல் போகலாம். அதனால்தான் பேத்தி ஊரோடு மாவட்டத்தையும் சொல்கிறாள். இதை அறிவுரையாக யாரும் சொல்லவில்லை. அவள் சொல்வதைக் கேட்டே பழகட்டும் என்று விட்டேன். வேறு ஊரில் ஒலிபரப்பினால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: 'பொள்ளாச்சி. கோயம்புத்தூர் மாவட்டம்' என்றாலும் நேரம் அதேதான்.

நேரக் கணக்கு: முதல் பிரதி 47 விநாடி வந்தது. அதில் பச்சிலைக்காரர் ஒருவரும் டாக்டர் ஒருவரும் இருந்தார்கள். பச்சிலைக்காரரை எடுத்ததற்குக் காரணம் நேரம் மட்டும் இல்லை. அவரைக் கெட்டவராகக் காட்டினால் அவர் மேல் நம்பிக்கை உள்ளவர் ரேடியோவை நிறுத்திவிடுவார், எனக்கு வேண்டியவரே அவர்தான். டாக்டர் போனதில் வருத்தம் இல்லை. ஒலிகளை நீக்கிப் பேச்சை மட்டும் படித்தால் இப்போது 22 விநாடி, மீதி எட்டும் ஒலிக்கு. போன் சத்தத்தை வேகப்படுத்த வேண்டாம். கேட்பவர் மனதுக்குள் தானே அழுத்திப் பார்க்கிற இடம் அது.

பதிவுக்கு மட்டைச் சத்தம் எங்கள் தோப்பிலேயே எடுத்தாகிவிட்டது. பகலில் எடுத்தது காக்கைச் சத்தத்தில் கெட்டது, ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சும் பூட்ஸும் போட்டுக்கொண்டு போய் எடுத்தோம். மாமாவாக என் வகுப்புத் தோழனின் அப்பா பேசுகிறார்.

அப்பாருவின் வரியை அப்பாருவே பேசுகிறார். நான் முதலில் 'ஐயோ, கண்ணு! பாம்பு!' என்று அலறலாகத்தான் எழுதியிருந்தேன். போனை நீட்டிப் பேசச் சொன்னபோது ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, 'அன்னைக்கு நான் இப்படிக் கத்துல கண்ணு. நீ பயந்துருவேன்னு மெதுவாத்தான் கூப்பிட்டேன்' என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வரிக்கு முன்னால் 'கத்தாமல், மெதுவாக' என்று சேர்த்தேன்.