பண்ணைக்காடு பிரிவு இடம், பெட்ரோல் பங்க் குத்தகை: நாம பேசி ஒத்துக்கிட்டது

மாப்ள, ஞாயித்துக்கிழம அக்கா வீட்டுல உக்காந்து பேசினது எல்லாத்தையும் நம்ம பேச்சுலயே டைப் பண்ணிருக்கேன். ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு இத வச்சு பத்திரம் எழுதுறவர் சட்ட பாஷைல எழுதட்டும். அதுல வேற எது சேத்தாலும் இங்க இருக்கறதுக்கு எதிரா இருக்கக்கூடாது.

இடம். வத்தலக்குண்டு கொடைக்கானல் ரோட்டு மேல என் பட்டாவுல இருக்க 36 சென்ட், ரோட்டு முகப்பு 110 அடி, உள்ள 142 அடி. வடக்க ரோடு, கிழக்க என் காப்பித் தோட்டம், மேற்க பொதுப்பாதை, தெக்க ஓடை. ஓடைல இருந்து 20 அடிக்கு ஒண்ணும் கட்டக்கூடாது, அங்க நிக்கிற ரெண்டு பலா மரத்தையும் வெட்டக்கூடாது, அது எங்கப்பா வச்சது. தோட்டத்துக்குப் போற எட்டடி பாதை என்னைக்கும் எனக்குத்தான், லாரிய கொண்டாந்து அதுல நிறுத்தக்கூடாது.

காலம். 2026 மார்ச் 1ல ஆரம்பிச்சு 2056 ஜனவரி 31 வரைக்கும், 29 வருஷம் 11 மாசம். உனக்கு டீலர்ஷிப் குடுக்குற ஆயில் கம்பெனி குறைஞ்சது 19 வருஷம் 11 மாசம் கேக்குதுன்னு சொன்ன, நீ போடுற காசு திரும்ப வரணும்னு நானும் பத்து வருஷம் கூட்டித்தான் குடுக்குறேன். 30ஐ தொட்டா முத்திரைத்தீர்வை கூடிரும், அதான் ஒரு மாசம் கம்மி. கண்டிப்பா ரெஜிஸ்டர் பண்ணியாகணும், ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகை ரெஜிஸ்டர் ஆகலன்னா செல்லாது. அந்த செலவு முழுசும் உன்னோடது.

வாடகை. மாசம் 40,000, ஒவ்வொரு மூணு வருஷத்துக்கும் 15 சதவீதம் ஏறும், ஏறின தொகை மேலதான் அடுத்த ஏத்தம். அதாவது நாலாவது வருஷம் 46,000, ஏழாவது வருஷம் 52,900, பத்தாவது வருஷம் 60,835, இப்படியே கடைசி வரைக்கும். ஏவாரம் எப்படி இருந்தாலும் இதுல மாத்தம் இல்ல, லிட்டருக்கு இவ்வளவுன்னு பங்கும் எனக்கு வேண்டாம். மாசம் 7ந் தேதிக்குள்ள பேங்க்ல போடணும், கைல காசு வேண்டாம். டிடிஎஸ் பிடிச்சா அந்த சர்டிபிகேட்ட தவறாம குடுத்துரு. மொதல் எட்டு மாசம், இல்ல பெட்ரோல் விக்க ஆரம்பிக்கிற நாள், இதுல எது முன்ன வருதோ அதுவரைக்கும் வாடகை கிடையாது. அட்வான்ஸ் 5 லட்சம், வட்டி கிடையாது.

பர்மிஷன். மலைப்பகுதி பாதுகாப்பு குழும அனுமதி, கலெக்டர் தடையில்லா சான்று, வெடிபொருள் துறை லைசென்ஸ், ரோட்டுல ஏறி இறங்க நெடுஞ்சாலைத் துறை அனுமதி, எல்லாம் நீயும் கம்பெனியும் பாத்துக்கணும், கேக்குற இடத்துல நான் வந்து கையெழுத்து போடுவேன். எல்லா அனுமதியும் கைக்கு வராம ஜேசிபி உள்ள வரக்கூடாது. மண்ண வெட்டிட்டு அப்புறம் பேப்பர் வரலன்னு நின்னா ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேட்டு மண்ணு அப்படியே சரிஞ்சு வரும், நீயும் பாத்துருக்க. தாங்குசுவரு கட்டினதுக்கு அப்புறந்தான் டேங்க் குழி. எட்டு மாசத்துல பர்மிஷன் கிடைக்காம போச்சுன்னா நீ விலகிக்கலாம், அட்வான்ஸ முழுசா தந்துருவேன், மண்ணு மட்டும் இருந்தபடி இருக்கணும்.

டீலரா நீ செய்ய வேண்டியது. இடத்த கம்பெனிக்கு மட்டுந்தான் உள்குத்தகை விடலாம், வேற யாருக்கும் கூடாது, டீ கடை, பஞ்சர் கடை வச்சா உன் பொறுப்புல வச்சுக்க, அவங்களுக்கு இடத்து மேல உரிமை வரக்கூடாது. லோன் மிஷின் மேலயும் ஏவாரத்து மேலயும் வாங்கிக்க, நிலத்து பத்திரத்த எந்த பேங்க்லயும் வைக்கக்கூடாது. கரண்ட் கனெக்ஷன், கட்டட வரி, இன்சூரன்ஸ் உன்னோடது, நிலவரி என்னோடது. அளவு மிஷினுக்கு வருஷா வருஷம் முத்திரை, ஃப்ரீ காத்து, குடிதண்ணி, சுத்தமான கக்கூஸ், இதெல்லாம் கம்பெனி ரூல்லயே இருக்கு, ஆனா கக்கூஸ நான் தனியா சொல்றேன், டூரிஸ்ட் பஸ் நின்னா பொம்பளைங்க எங்க போவாங்க, பூட்டி வைக்கக்கூடாது.

இப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வராத விஷயம். டேங்க் கசிஞ்சா தெக்க இருக்க ஓடைக்குத்தான் போகும், கீழ நாப்பது குடும்பம் அந்த தண்ணியத்தான் குடிக்குது. அதனால ரெட்டை சுவர் டேங்க்தான் போடணும். தினம் காலைல டிப் ராடு போட்டு எழுதணும், இருப்புல காரணம் தெரியாத குறைவு மூணு நாள் தொடர்ந்தா அன்னைக்கே கம்பெனிக்கும் எனக்கும் சொல்லணும், டேங்க்க டெஸ்ட் பண்ற வரைக்கும் விக்கக்கூடாது. மழைக்காலத்துல டேங்க்ல தண்ணி இறங்குதான்னும் பாரு, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேந்தா பிரிஞ்சு அடியில நின்னுரும், வண்டி மலைப்பாதைல நின்னு போகும். தரை கழுவுற தண்ணி எண்ணெய் பிரிக்கிற தொட்டிக்குள்ள போகணும், நேரா ஓடைல விடக்கூடாது. கசிவால மண்ணு, தண்ணி கெட்டா சரி பண்ற செலவு முழுக்க உன்னோடது, குத்தகை முடிஞ்சு அஞ்சு வருஷம் வரைக்கும் இந்த பொறுப்பு உண்டு.

நடுவுல நின்னா. மூணு மாச வாடகை பாக்கி விழுந்தா எழுதிக் குடுப்பேன், அதுக்கப்புறம் 60 நாள் டைம், அப்பவும் வரலன்னா குத்தகை ரத்து. டீலர்ஷிப்ப கம்பெனி எடுத்துருச்சுன்னா ஆறு மாச நோட்டீஸ்ல நீ விட்டுட்டு போகலாம், அந்த ஆறு மாசத்துக்கு வாடகை உண்டு. உனக்கு ஒண்ணுன்னா, அந்த நெனப்பே எனக்கு கஷ்டமா இருக்கு, உன் பொண்டாட்டி இதே கண்டிஷன்ல நடத்தலாம். எனக்கு ஒண்ணுன்னா வாடகை என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் சரிபாதி. இடத்த வித்தாலும் வாங்குறவன் இந்த குத்தகைக்கு கட்டுப்படணும், விக்கிறதுக்கு முன்ன உன்கிட்டதான் மொதல்ல கேப்பேன்.

முடியும்போது. இதத்தான் நல்லா படிக்கணும் மாப்ள. என் மச்சான் கீழ சமவெளில பங்க்குக்கு குடுத்த இடம் குத்தகை முடிஞ்சும் பதினாலு வருஷம் திரும்ப வரல, பழைய வாடகை ரசீதையே கோர்ட்ல காட்டிட்டு இருந்தாங்க. பர்மா ஷெல் ஆயில் கம்பெனிய கவர்மெண்ட் எடுத்தப்ப 1976ல வந்த சட்டத்துல பழைய லீஸ அதே கண்டிஷன்ல நீட்டிச்சுக்க வழி இருந்துச்சு, 1921 குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டத்துல கட்டடம் கட்டினவங்க நிலத்தையே விலைக்கு கேக்குற பிரிவும் இருக்கு. அதனால நீயோ கம்பெனியோ இடத்த விலைக்கு கேக்குற உரிமையோ தானா நீட்டிக்கிற உரிமையோ கிடையாதுன்னு ரெண்டு பத்திரத்துலயும் எழுதணும். கம்பெனியோட உள்குத்தகையும் அதே 2056 ஜனவரி 31ல முடியணும், ஒரு நாள் கூட தாண்டக்கூடாது, தாண்டுதுன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்.

நீட்டிக்கணும்னா 2054 ஜூலைக்குள்ள எழுதிக் கேக்கணும், அப்ப இருக்குற நிலவரத்துக்கு வாடகை பேசி புது பத்திரம் போடணும். தேதி முடிஞ்சதுக்கு அப்புறம் வாடகை அக்கவுண்ட்ல வந்து விழுந்தா அது நஷ்ட ஈடு, புது குத்தகை ஆகாது. நீட்டிக்கலன்னா 90 நாளைக்குள்ள டேங்க்ல ஆயில எடுத்து, கேஸ் போக்கி, தகுதி உள்ளவங்கள வச்சு தோண்டி எடுத்துட்டு போகணும். கூரை, மிஷின், பைப்பு எல்லாம் உங்களோடது, தாங்குசுவரும் கக்கூஸும் இருக்கட்டும், அதுக்கு காசு கேக்கக்கூடாது. குழிய செம்மண்ணு போட்டு அடுக்கடுக்கா இறுக்கி மூடணும், நாலு இடத்துல மண்ணும் ஓடைல தண்ணியும் எடுத்து லேப் ரிப்போர்ட் தரணும். லைசென்ஸ சரண்டர் பண்ணின பேப்பரும் தரணும், லைசென்ஸ் அந்த சர்வே நம்பர்ல நிக்கிற வரைக்கும் நான் வேற எதுக்கும் இடத்த குடுக்க முடியாது. இது மூணும் கைக்கு வந்த 15 நாள்ல அட்வான்ஸ் 5 லட்சம் உன் அக்கவுண்டுக்கு வரும். 90 நாள் தாண்டினா நாளொன்னுக்கு அப்ப இருக்குற தினவாடகைல ரெண்டு பங்கு.

தகராறு வந்தா மொதல்ல அக்காவும் ஊர்ப்பெரியவர் ஒருத்தரும் கேப்பாங்க, தீரலன்னா திண்டுக்கல் மாவட்ட கோர்ட்டு. இன்னைக்கு நெலத்தோட நாலு மூலையவும் ஓடையவும் போட்டோ எடுத்து, ஓடைத் தண்ணிய இப்பவே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட பத்திரத்தோட சேத்துரலாம், 30 வருஷம் கழிச்சு ஒப்பிட்டு பாக்க அது வேணும். வியாழக்கிழம காலைல பத்து மணிக்கு ஆதார், பட்டா நகல், ரெண்டு சாட்சியோட கொடைக்கானல்ல பத்திரம் எழுதுறவர் கடைக்கு வந்துரு.