அந்த கரியமில வாயு பார் சார்ட்டை எப்படிப் படிப்பது

தம்பி, நீ அனுப்பிய செய்தி ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கிடுகிடுவென உயரும் கரியமில வாயு" என்று தலைப்பு, கீழே ஏழு சிவப்புப் பட்டைகள். குழுவில் ஒருவர் "ஆறு வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது" என்கிறார், இன்னொருவர் "சார்ட்டே ஏமாற்று வேலை, அதனால் பருவநிலை மாற்றமே கட்டுக்கதை" என்கிறார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தான், இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

முதலில் இடது ஓரத்தைப் பார். வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் எண்கள் இருக்கின்றன. அடியில் இருப்பது 0 இல்லை, 405. முதல் பட்டை 2019, மேலே 412 என்று எழுதியிருக்கிறது. கடைசிப் பட்டை 430. ஆனால் 405-க்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டதால் முதல் பட்டைக்குக் கிடைத்த உயரம் வெறும் 7, கடைசிப் பட்டைக்கு 25. கண்ணுக்கு அது மூன்றரை மடங்கு. எண்ணைக் கணக்குப் போட்டால் 412-இலிருந்து 430, அதாவது நாலரை சதவீதம்கூட இல்லை. பார் சார்ட்டில் நாம் ஒப்பிடுவது பட்டையின் நீளத்தை, அதனால்தான் அது பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பார்கள். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் அங்கே கண் பார்ப்பது சரிவை. அச்சை வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு நெளிகோடாவது போட்டிருக்கலாம், அதுவும் இல்லை.

சரி, பூஜ்யத்திலிருந்து வரைந்தால் நியாயமாகிவிடுமா என்றால், இந்த விஷயத்தில் அதுவும் இல்லை. ஏழு பட்டையும் ஒரே உயரமாகத் தெரியும், "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று தோன்றும். காற்றில் கரியமில வாயு பூஜ்யமாக இருந்த காலம் என்று ஒன்று இல்லை, அதனால் பூஜ்யம் இங்கே பெரிதாக எதையும் சொல்லாத எண். அர்த்தமுள்ள அடி எண் 280. தொழிற்புரட்சிக்கு முன்னால் இருந்த அளவு அது, பனிப்பாறைக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளிலிருந்து தெரிந்துகொண்டது. 2024-இன் சராசரி 425. 280-உடன் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. அந்தச் செய்தியில் இருந்திருக்க வேண்டிய எண் இதுதான், அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

அலகுக்கு வருகிறேன். படத்தின் மூலையில் "பிபிஎம்" என்று மட்டும் இருக்கிறது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள். ஈரப்பதம் நீக்கிய காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் 425 கரியமில வாயு. சதவீதத்தில் சொன்னால் 0.0425. உடனே "இவ்வளவு துளியூண்டா" என்று அடுத்த வாதம் கிளம்பும். காற்றில் மீதி இருப்பது பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும், பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தை அவை கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். பிடித்து வைப்பது நீராவியும் இந்தத் துளியூண்டு வாயுக்களும்தான், அதனால் மொத்தக் காற்றில் அது எத்தனை சதவீதம் என்பது இங்கே உதவாத கேள்வி.

இப்போது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்த இடம். கீழ் அச்சில் 2019, 2020 என்று 2024 வரை ஆண்டுகள் வரிசையாக வருகின்றன, கடைசியில் மட்டும் "மே 2025" என்று இருக்கிறது. முதல் ஆறும் ஆண்டுச் சராசரி, ஏழாவது ஒரே ஒரு மாதத்தின் அளவு. அதுவும் சும்மா ஒரு மாதம் இல்லை, வருடத்திலேயே உச்சத்தில் இருக்கும் மாதம். வடகோளத்தில்தான் நிலமும் செடிகொடிகளும் அதிகம். அங்கே கோடையில் இலை தழைத்து வளரும்போது வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், குளிர்காலத்தில் மட்கி வெளியே விடும். அதனால் ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் உச்சம், செப்டம்பர் கடைசியை ஒட்டி அடி, இரண்டுக்கும் நடுவே ஆறேழு பிபிஎம் வித்தியாசம். சராசரியோடு உச்சத்தை நிறுத்தினால் கடைசிப் பட்டை துள்ளத்தானே செய்யும்? மேயை மேயோடு வைத்தால் 2024-இல் 426.9, 2025-இல் 430.5. உயர்வு 3.6. படத்தைப் பார்த்தால் 425-இலிருந்து 430, ஐந்து ஏறியது போல இருக்கிறது.

இன்னொன்று, படத்தில் "உலகக் காற்றில்" என்று போட்டிருக்கிறார்கள். இவை ஹவாயில் மௌனா லோவா எரிமலையின் மேல், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிலையத்தின் எண்கள். 1958-இலிருந்து அங்கே அளக்கிறார்கள். உலகச் சராசரி இதைவிடக் கொஞ்சம் குறைவு, 2024-க்கு 422.8. போக்கு ஒன்றேதான், அதனால் இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் நீ கேட்ட கேள்வி: 2020-இல் உலகமே வீட்டுக்குள் இருந்ததே, பட்டை ஏன் இறங்கவில்லை? அந்த வருடம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததால் வந்த வெளியேற்றம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்தது. ஆனால் படத்தில் இருப்பது வெளியேற்றம் இல்லை, இதுவரை காற்றில் சேர்ந்து நிற்கும் மொத்தம். தொட்டிக்குள் விழும் குழாயைச் சற்றே திருகினாய் என்பதற்காகத் தண்ணீர் மட்டம் இறங்கிவிடாது, ஏறுவதுதான் கொஞ்சம் மெதுவாகும். வெளியேற்றம் குறைந்தது என்று ஒரு செய்தியும், அளவு உச்சம் தொட்டது என்று இன்னொரு செய்தியும் ஒரே வாரத்தில் வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

போக்கு வேகமெடுக்கிறதா என்பதை இந்தப் பட்டைகளின் இடைவெளியை வைத்து முடிவு செய்யாதே. முழு எண்ணாக்கியதால் உயர்வு 2, 2, 3, 2, 4 என்று தாறுமாறாகத் தெரிகிறது. தசமத்தோடு பார்த்தால் ஏறக்குறைய 2.6, 2.2, 2.1, 2.6, 3.5. அந்தக் கடைசி 3.5 பெரியதுதான், ஆனால் 2023-24-இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்தது. அப்போது வெப்பமண்டலக் காடுகள் வறண்டு குறைவாக உறிஞ்சும், காட்டுத்தீயும் கூடும். ஒரு வருடத் துள்ளலில் அதன் பங்கும் இருக்கிறது. வேகம் கூடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும்: 1960-களில் வருடத்துக்கு 1 பிபிஎம்கூட ஏறவில்லை, கடந்த பத்து வருடங்களில் இரண்டரைக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. ஏற்றத்தின் வேகமே இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. படம் 2019-இல் தொடங்குவதால் இது அதில் தெரியவே தெரியாது.

அந்த "ஏமாற்று வேலை" என்றவர் எண்களையே நம்ப மாட்டேன் என்றால், அமெரிக்க நிறுவனமான நோவாவின் தளத்தில் `co2_mm_mlo.txt` என்ற கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது, 1958 மார்ச்சிலிருந்து மாதவாரியாக இருக்கிறது. அதில் மே மாதங்களை மட்டும் எடுத்துக் கோடாக வரைந்து அவருக்கு அனுப்பு, சிவப்புப் பட்டையெல்லாம் வேண்டாம்.