விளையாட்டு நேரம் குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு நெருங்குவதால் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தரச்சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓடியாடும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. அப்புறம் கொஞ்ச நேரத்துக்குக் கவனம் நன்றாக நிற்கும். வகுப்பில் தினமும் பார்க்கிறேன்: மைதானத்திலிருந்து வந்து முகம் கழுவி உட்காரும் பிள்ளைகள், நீளமான வழிக்கணக்கைக்கூடப் பாதியில் விடுவதில்லை. இரவுத் தூக்கமும் நன்றாக வரும். படித்தது மனதில் பதிய அந்தத் தூக்கம் வேண்டும். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு இயக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, மதிப்பெண் குறைந்தால்? வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வாருங்கள், விடைத்தாள்களை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
வகுப்பாசிரியர், எட்டாம் வகுப்பு