எந்த ‘ன’?

ஹட்டனில் நடந்த சொல்வதெழுதல் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள். இருவர் நகரப் பாடசாலைப் பிள்ளைகள். மூன்றாவது திவ்யா, தரம் ஏழு, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள். விடியற்காலை பஸ் பிடிக்க முச்சந்தி வரை நடந்ததில் வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் சேறு. கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

“கடைசிச் சொல். 300. இலக்கத்தில் இல்லை, எழுத்தில்” என்றார் நடுவர்.

மண்டபத்தில் சிரிப்பு. இதுவா கடைசிச் சொல்? மற்ற இருவரும் மளமளவென்று எழுதிப் பலகையைக் கவிழ்த்துவிட்டார்கள். திவ்யா ‘மு’ போட்டாள். அப்புறம் கை நகரவில்லை.

தந்நகரமா, றன்னகரமா? காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நானூறுக்கு றன்னகரம். அது சரி, நாலில் இருக்கிற ‘ல்’தானே அங்கே ‘ன்’ ஆகிறது. எண்ணூறுக்கு டண்ணகரம், எண்கோணத்தில் வருகிற அதே ‘எண்’. அப்படியென்றால் மூன்றிலும் ‘ன்’ இருக்கிறதே? சோக் ‘ன்’ போடப் போனது.

முப்பதில் அந்த ‘ன்’ எங்கே?

காணோம். வெறும் ‘மு’தான் நிற்கிறது. முக்கனியிலும் இல்லை. முத்தமிழிலும் இல்லை. காலையில் பஸ் ஏறிய முச்சந்தியிலும் இல்லை. மூன்று சுருங்கி ‘மு’ ஆகிவிட்டால், பின்னால் வருகிற சொல்லின் முதலெழுத்துத்தான் இரட்டிக்கிறது. சந்திக்கு ‘ச்’, பத்துக்கு ‘ப்’. நூறுக்கு?

மணி அடிக்குமுன் எழுதி முடித்தாள்: முந்நூறு.

மற்ற இரண்டு பலகையிலும் ‘முன்னூறு’ என்றிருந்தது. நடுவர் மூன்றையும் பார்த்தார்.

“நீ மட்டும் ஏம்மா இப்படி எழுதினாய்? மனப்பாடமா?”

“இல்ல சேர். முச்சந்தியில சந்தியோட ‘ச’ ரெண்டா வருது. அதுமாதிரி இதுல நூறோட ‘ந’ ரெண்டா வரணும்.”

“அப்ப மூணு நாளைச் சேர்த்து எழுதினா?”

“முந்நாள். தந்நகரம், சேர்.” கொஞ்சம் யோசித்தாள். “றன்னகரம் போட்டா முன்னாள். அது பழைய நாள்.”

நடுவர் பேனாவை மூடிவிட்டுக் கைதட்டினார். பரிசு ஒரு தடித்த தமிழ் அகராதி.

இருட்டிய பிறகுதான் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மா கொழுந்துக் கூடையை மூலையில் சாய்த்துவிட்டு, அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னா எழுதச் சொன்னாங்க?”

“முந்நூறு.”

“அது மட்டுமா?”

“அதுதாம்மா கடைசி.”

அம்மா அகராதியை வாங்கிக் கையால் எடை பார்த்தாள்.

“முந்நூறு எழுதினதுக்கு ஒரு ஆயிரமாச்சும் காசா குடுத்திருக்கலாம்” என்று சொல்லி, முதல் ரொட்டியை அவள் தட்டில் போட்டாள்.